மலாய்க் கதையின் 'டியா'வை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது?

மலாயில் அவன், அவள், அவர் மூன்றுக்கும் 'டியா' என்ற ஒரே சொல்தான். பெயரோடு ஒட்டி வரும் '-ஞா'வும் அப்படியே. 'தாங்ஙான்ஞா' என்றால் அவன் கையாகவும் இருக்கலாம், அவள் கையாகவும் இருக்கலாம். பெரியவர்களுக்கு 'பெலியாவ்' என்று மரியாதைச் சொல் ஒன்று உண்டு, அதிலும் ஆண் பெண் தெரியாது. வினைச்சொல்லும் எதையும் காட்டிக்கொடுக்காது. இப்படிப்பட்ட மொழியில் எழுதிய கதையை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகும்போது, முதல் பக்கத்தின் இரண்டாவது வாக்கியத்திலேயே 'ஹீ' என்பதா 'ஷீ' என்பதா என்று முடிவு செய்தாக வேண்டியிருக்கிறது. மூல ஆசிரியர் எடுக்காத முடிவு அது.

பினாங்கில் மலாய்ச் சிறுகதைகளை ஆங்கிலத்தில் பெயர்க்கும் எங்களைப் போன்ற தமிழர்களுக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. நாங்கள் மலாயில் வாசித்தாலும் மனம் தமிழில் ஓடுகிறது. தமிழில் 'வந்தான்', 'வந்தாள்' என்று வினையே ஆளைச் சொல்லிவிடும். அதனால் 'டியா டாதாங்' என்று கண் படித்த அந்த நொடியே மனம் ஒரு ஆணையோ பெண்ணையோ நிறுத்திவிடுகிறது. நாம் முடிவு செய்துவிட்டோம் என்பதுகூட நமக்குத் தெரிவதில்லை.

அண்மையில் நானும் ஒரு நண்பரும் சேர்ந்து மொழிபெயர்த்த கதையை வைத்தே ஒவ்வொரு வழியையும் பார்க்கலாம். ஆங்கிலப் பதிப்பு இன்னும் வெளிவராததால் கதையின் பெயரைச் சொல்லவில்லை. பாலிக் பூலாவில் ஒரு டுரியான் தோட்டம். அப்பா இறந்துவிட்டார், அம்மா அதற்கு முன்பே போய்விட்டார். மூன்று பிள்ளைகள்: அலோங், அங்ஙா, ஊசு. மூத்தவர், இரண்டாமவர், கடைசி என்ற பொருளில் மலாய்க் குடும்பங்களில் வழங்கும் பெயர்கள் இவை. மூன்றுமே ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. கதை மொத்தம் 14 பக்கம். அடக்கம், வீட்டில் மூன்று நாள், தோட்டத்தைப் பங்கு வைப்பது, அவ்வளவுதான் நிகழ்ச்சி.

முதல் வரைவு எழுதுவதற்கு முன் கோப்பிக் கடையில் உட்கார்ந்து பேசிக்கொண்டபோதுதான், இருவரும் வேறு வேறு கதையை வாசித்திருக்கிறோம் என்று தெரிந்தது.

"அக்கா, அங்ஙா ஆம்பளைதானே? தோட்டத்துக்கு மருந்து அடிக்கிறது, லோரிக்காரன்கிட்ட விலை பேசுறது எல்லாம் அங்ஙாதானே?"

"அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டுறது, இராத்திரி முழுக்க பக்கத்துல உக்காந்திருக்கிறது யாரு தம்பி? எனக்கு அது பொண்ணுனுதான் பட்டுச்சு."

அவர் தோட்ட வேலையை வைத்து ஆண் என்றார். நான் நோயாளிப் பணிவிடையை வைத்துப் பெண் என்றேன். இரண்டுமே கதையில் இல்லாத ஆதாரம்; நாங்கள் வளர்ந்த வீடுகளிலிருந்து வந்தது. ஆகவே எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்விக்கு முன்னால் வேறொரு கேள்வி வந்து நின்றது: இந்தக் கதையில் பால் சொல்லப்படாதது மலாய் மொழியின் இயல்பாலா, எழுத்தாளரின் விருப்பத்தாலா?

இதைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி இருக்கிறது. 'டியா'வில் பால் இல்லையே தவிர, மலாய்க்காரர்களின் பேச்சில் ஆண் பெண் அடையாளத்துக்குக் குறைவே இல்லை. அண்ணனுக்கு அபாங், அக்காவுக்குக் காக்காக், அப்பாவுக்கு பாக், அம்மாவுக்கு மாக் என்று உறவுச்சொற்கள் உண்டு. பெயரில் மகன் என்பதற்கு 'பின்', மகள் என்பதற்கு 'பிந்தி' உண்டு. உடையில் ஆண்களின் சொங்கோக் தொப்பி, பெண்களின் தூடோங் முக்காடு உண்டு. கணவன், மனைவி என்ற சொற்கள் உண்டு. ஓர் எழுத்தாளர் இவற்றை எல்லாம் தாராளமாகப் புழங்கியிருந்தால், 'டியா'வின் மௌனம் மொழியினுடையது. அவருக்கு மறைக்கிற எண்ணமே இல்லை. அந்தக் கதையில் தயங்காமல் 'ஹீ', 'ஷீ' போட்டுவிடலாம். மாறாக, இயல்பாக வந்திருக்க வேண்டிய இடத்தில்கூட இந்த அடையாளங்கள் ஒன்றும் வரவில்லை என்றால், யாரோ வேலை மெனக்கெட்டு அவற்றை விலக்கியிருக்கிறார்கள்.

எங்கள் கதையை இப்படிச் சலித்துப் பார்த்தோம். அலோங் 2ஆம் பக்கத்திலேயே வெளிப்பட்டுவிடுகிறார். அப்பாவுக்கான ஜனாசா தொழுகைக்கு இமாமாக நின்று, பின்னால் ஆண்கள் வரிசை கட்டி நிற்பதாக வருகிறது. மலாய் வாசகருக்கு அதற்குமேல் சந்தேகம் இல்லை. ஆனால் அங்ஙாவுக்கும் ஊசுவுக்கும் எந்த அடையாளமும் கிடைக்கவில்லை. ஊசு அங்ஙாவைப் பேச்சில் 'காக் ஙா' என்றோ 'அபாங் ஙா' என்றோ அழைத்திருக்கலாம். எல்லா இடத்திலும் வெறும் 'அங்ஙா'தான். பல வீடுகளில் அப்படி அழைப்பதும் வழக்கம் என்பதால் இது மட்டும் ஆதாரமாகாது. ஆனால் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் 'மாக் ஙா', 'பாக் ஙா' என்று ஒருமுறைகூட அழைப்பதில்லை. உடை வர்ணனை இல்லை. அப்பாவின் உடலைக் குளிப்பாட்டும் காட்சியில் அங்ஙா தண்ணீர் காய்ச்சி வாசல்வரை கொண்டுவந்து கொடுப்பதோடு பத்தி முடிந்துவிடுகிறது. உள்ளே போனதா இல்லையா என்று சொல்லவில்லை. இறந்த ஆணின் உடலை வழக்கமாக ஆண்களே குளிப்பாட்டுவார்கள் என்பதால், அந்த ஒரு வரி கூடுதலாக எழுதப்பட்டிருந்தால் குட்டு உடைந்திருக்கும்.

உடைவது 9ஆம் பக்கத்தில். பத்து ரெலோங் தோட்டத்தை 'ஃபராயிட்' முறைப்படி பங்கு வைக்கிறார்கள். இஸ்லாமிய வாரிசுச் சட்டத்தில் மகனுக்கு மகளைப்போல் இரண்டு பங்கு. வேறு வாரிசு இல்லாத இடத்தில் இரண்டு மகன், ஒரு மகள் என்றால் இரண்டு, இரண்டு, ஒன்று என்று ஐந்து பங்கு. அதிகாரி தாளைப் பார்த்து மூத்தவரிலிருந்து வரிசையாக வாசிக்கிறார்: "எம்பாட். டுவா. எம்பாட்." நான்கு, இரண்டு, நான்கு. அங்ஙா என்ற சொல்லுக்கு நேராக 'இரண்டு' விழுந்ததும் மலாய் வாசகருக்குப் புரிந்துவிடுகிறது. எட்டுப் பக்கமாக அப்பாவைப் பார்த்துக்கொண்டதும் தோட்டத்தைக் காப்பாற்றியதும் மகள். கதையின் அடியே அந்த எண்ணில்தான் விழுகிறது.

ஆக இங்கே மௌனம் எழுத்தாளருடையது. இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் வழிகளை ஒப்பிடுவதில் பொருள் இருந்தது.

முதல் வழி, தெரிந்த பாலைத் தொடக்கத்திலிருந்தே போட்டுவிடுவது. அலோங்குக்கு 'ஹீ', அங்ஙாவுக்கு 'ஷீ', ஊசுவுக்கு 'ஹீ'. வாசிப்பு வழுக்கிக்கொண்டு போகும். ஆங்கில வாசகருக்கு மிகவும் பழகிய நடை. அங்ஙாவும் ஊசுவும் மட்டும் இருக்கும் காட்சிகளில் யார் யார் என்று ஒருபோதும் குழம்பாது. பெரும்பாலான மலாய்க் கதைகளுக்கு இதுவே சரியான வழி என்பேன். மற்ற வழிகளைக் கையாளும் ஆர்வத்தில் இதை ஒதுக்குகிறவர்கள் எளிய கதையை வீணாகச் சிரமப்படுத்துகிறார்கள். ஆனால் இந்தக் கதையில் 1ஆம் பக்கத்திலேயே 'ஷீ' வந்துவிட்டால், ஆங்கில வாசகர் எட்டுப் பக்கம் "ஒரு மகள் அப்பாவைப் பார்த்துக்கொள்கிறாள்" என்று வாசிப்பார். அது அவருக்கு எதிர்பார்த்த செய்தி. அதிகாரி எண்ணை வாசிக்கும்போது அவருக்கு ஓர் அநியாயம் தெரியலாம், திடுக்கிடல் இருக்காது. மலாய் வாசகருக்கு இருக்கும் திடுக்கிடலில், 'நாம் யாரைக் கற்பனை செய்து வைத்திருந்தோம்' என்ற உறுத்தலும் சேர்ந்திருக்கிறது. அதுவும் போய்விடும்.

இரண்டாவது வழி, ஒருமைக்கு 'தே'. இதைத்தான் இளையவர்கள் முதலில் சொல்கிறார்கள். காரணமும் இருக்கிறது. யாரென்று தெரியாத ஒருவரைக் குறிக்க ஆங்கிலத்தில் 'தே' 14ஆம் நூற்றாண்டிலிருந்தே வழங்குகிறது. தன்னை ஆண் என்றோ பெண் என்றோ சொல்லிக்கொள்ளாத ஒருவரைக் குறிக்கும் பொருளை மெரியம்-வெப்ஸ்டர் அகராதி 2019இல் சேர்த்தது. அந்த ஆண்டின் சொல்லாகவும் அதையே தேர்ந்தெடுத்தது. இலக்கணப் பிழை என்று யாரும் இன்று எளிதில் தள்ளிவிட முடியாது.

தமிழருக்கு இந்த 'தே' இன்னும் இயல்பாகவே தோன்றும். ஏனென்றால் நம்முடைய 'அவர்' இதே பாதையில் வந்தது. ஒருகாலத்தில் பன்மை, இன்று மரியாதை ஒருமை, ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. "அவர் வந்தார்" என்று நூறு பக்கம் எழுதினாலும் ஆணா பெண்ணா என்று தெரியாமல் வைத்திருக்கலாம். ஆனால் நம் மொழி 'அவர்' ஒருமைக்கு வந்ததும் பன்மைக்கு 'அவர்கள்' என்று புதிதாக ஒன்றை உண்டாக்கிக்கொண்டது. மலாயிலும் பன்மைக்கு 'மெரேக்கா' தனியாக இருக்கிறது. எழுத்து ஆங்கிலம் அப்படி ஒன்றை உண்டாக்கவில்லை. அங்கே ஒருவருக்கும் 'தே', மூவருக்கும் 'தே', வினையும் இரண்டுக்கும் 'வேர்'தான். மூன்று உடன்பிறப்புகள் ஒரே வீட்டில் நடமாடும் கதையில் இது தாங்காது.

ஒரு பத்தியை அருகில் வைத்துப் பார்க்கலாம். அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு, சமையலறையில். மூலத்தின் போக்கை 'டியா'வை அப்படியே விட்டுத் தருகிறேன்:

"அங்ஙா சமையலறைக்குள் போனதும் ஊசுவும் பின்னாலேயே. டியா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார, டியா தண்ணீர் ஊற்றிக் கொடுக்க, இருவருக்கும் பேச்சில்லை. தாங்ஙான்ஞா இன்னும் நடுங்கிக்கொண்டே இருந்தது."

மலாய் வாசகர் இதில் தடுமாறுவதில்லை. முந்தைய பக்கத்தில் குழி மேட்டில் ஊசுவின் கை நடுங்கியது சொல்லப்பட்டிருக்கிறது. சமையலறையில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுப்பது மூத்தவர்தான் என்பதும் தெரியும். 'ஷீ', 'ஹீ' போட்டால் ஆங்கிலத்திலும் கண்ணாடிபோல் தெளிவு. 'தே' போட்டுப் பாருங்கள். 'தே' நாற்காலியை இழுத்தார்கள், 'தே' தண்ணீர் ஊற்றினார்கள், 'தெயர்' கைகள் நடுங்கின. இருவரும் சேர்ந்து ஊற்றி, இருவர் கையும் நடுங்குவதாகத்தான் ஆங்கில வாசகர் எடுத்துக்கொள்வார். 'கை' என்று ஒருமையில் நிறுத்தினாலோ, "இரண்டு பேருக்கு ஒரு கையா" என்று வாசிப்பு ஒரு கணம் இடறும்.

'தே'யில் நான் இதைவிடப் பெரிதாக நினைக்கும் குறை வேறு. மலாயில் 'டியா' கண்ணுக்கே தெரியாத சொல். யாரும் அதை நின்று பார்ப்பதில்லை. ஆங்கிலக் கதையில் பெயர் தெரிந்த ஒருவருக்குத் தொடர்ந்து 'தே' வந்தால், வாசகர் இரண்டில் ஒன்றை நினைப்பார்: இந்தப் பாத்திரம் ஆண் பெண் என்ற பிரிவுக்கு வெளியே நிற்கிறது, அல்லது எழுத்தாளர் எதையோ மறைக்கிறார். முதலாவது கதைக்குப் பொய். இரண்டாவது கதையின் இரகசியத்தை முதல் பக்கத்திலேயே கோடிட்டுக் காட்டிவிடும். ஒரு பாத்திரம் உண்மையிலேயே அந்தப் பிரிவுக்கு வெளியே வாழ்பவராக இருந்து, கதையில் அவரோடு குழப்பிக்கொள்ள வேறு யாரும் அதிகம் இல்லாமலும் இருந்தால் 'தே' மிகப் பொருத்தம். அங்கே தயங்க வேண்டியதில்லை.

மூன்றாவது வழி, மாற்றுப்பெயர்ச்சொல்லையே தவிர்ப்பது. பெயரைத் திரும்பச் சொல்வது, வாக்கியத்தைத் திருப்பிப் போடுவது. நாங்கள் இதன்மேல்தான் கதையைக் கட்டினோம். இதில் உழைப்பு மிக அதிகம்.

பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்வது மலாயில் உறுத்தாது. பேச்சில் 'நான்' என்பதற்குப் பதில் தன் பெயரையே சொல்வதும் அங்கே சாதாரணம். "எனக்குத் தெரியாது" என்பதை "அங்ஙா தா தாவு" என்றே சொல்வார்கள். ஆங்கிலத்தில் ஒரே பத்தியில் ஒரு பெயர் மூன்றுமுறை வந்தாலே குழந்தைகள் கதைபோல் ஆகிவிடுகிறது. எனவே பெயரை ஆள் மாறும் இடத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற இடங்களில் எழுவாயே தேவைப்படாதபடி வாக்கியத்தை அமைக்க வேண்டும். ஒரு ஆள் அடுத்தடுத்துச் செய்யும் செயல்களை ஒரே வாக்கியத்தில் கோர்த்தால் எழுவாய் ஒருமுறை போதும். 'ஊற்றினார், வைத்தார், திரும்பினார்' என்று ஆங்கிலம் தாராளமாக அடுக்க இடம் கொடுக்கும். பேச்சு வரும் இடத்தில் 'ஐ', 'யூ' இரண்டிலும் பால் இல்லை என்பதால், விவரிப்பில் இருந்த ஒன்றிரண்டை உரையாடலுக்குள் தள்ளலாம். ஆனால் மூல ஆசிரியர் பேசவைக்காத ஆளைப் பேசவைப்பது அத்துமீறல் என்பது என் கருத்து. ஏற்கெனவே இருக்கும் பேச்சை முன்னே பின்னே நகர்த்துவதோடு நிறுத்திக்கொண்டோம்.

உண்மையில் கழுத்தைப் பிடிப்பது 'ஹிஸ்', 'ஹெர்'. உடலுறுப்பைச் சொல்லும்போதெல்லாம் ஆங்கிலம் யாருடையது என்று கேட்கும். தமிழில் "கையைத் துடைத்துக்கொண்டார்" என்றால் போதும், யார் கை என்று ஒருவரும் கேட்பதில்லை. ஆங்கிலத்தில் அந்த இடத்தில் ஒரு சொல் வந்தாக வேண்டும். பிரெஞ்சிலிருந்து வந்த ஒரு நாவலில் இதே சிக்கல் இருந்தது. ஆன் கரேத்தாவின் 'ஸ்ஃபிங்ஸ்' 1986இல் வந்தது. கதை சொல்பவர், அவர் நேசிக்கும் நபர் இருவரின் பாலும் கடைசிவரை தெரியாது. பிரெஞ்சில் உடைமைச்சொல் பொருளின் பாலைத்தான் காட்டும், உடையவரின் பாலைக் காட்டாது. அதனால் 'கை', 'தோள்' என்று அவர் தடையில்லாமல் எழுத முடிந்தது. 2015இல் எம்மா ரமதான் அதை ஆங்கிலத்தில் பெயர்த்தபோது, பிரெஞ்சில் தொல்லை தந்த பெயரடைகள் தொல்லை தரவில்லை. பிரெஞ்சில் இலவசமாகக் கிடைத்த உடைமைச்சொல்தான் அடைத்துக்கொண்டது. எந்தக் கதவு எந்த மொழியில் மூடியிருக்கிறது என்பதை வரைவு தொடங்கும் முன் பார்த்துவைத்துக்கொள்வது நல்லது. மலாயிலிருந்து வருகிறவருக்கு இரண்டு கதவும் மூலத்தில் திறந்தே இருக்கும், அதனால் முன்னெச்சரிக்கையே வராது.

சமையலறைப் பத்திக்குத் திரும்புவோம். எங்கள் வரைவில் முதலில் ஊசு பெயரோடு நாற்காலியை இழுத்துக்கொள்கிறது, அடுத்து அங்ஙா பெயரோடு தண்ணீர் ஊற்றுகிறது. இதுவரை எளிது. நடுங்கும் கை? 'ஊசுவின் கை' என்றால் பெயர் மிக அருகில் இரண்டாம் முறை வருகிறது. கடைசியில் எழுதியது: "தி ஹேண்ட் தட் டுக் தி கிளாஸ் வாஸ் ஸ்டில் ஷேக்கிங்." டம்ளரை வாங்கிய கை இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. ஊற்றியது அங்ஙா என்றால் வாங்கியது ஊசுதான். உடைமைச்சொல் இல்லை, பெயர் இல்லை, ஆனால் யாருடைய கை என்பதில் ஐயமும் இல்லை. செயலே ஆளைச் சொல்லிவிடுகிறது. இந்த வழியின் சிறந்த வாக்கியங்கள் எல்லாம் இப்படித்தான் அமைந்தன: ஒவ்வொருவருக்கும் அந்தக் காட்சியில் அவர் மட்டுமே செய்யும் ஒன்றைக் கொடுத்து, அதை வைத்து அவரைச் சுட்டுவது.

ஆனால் இதற்கு ஓர் எல்லை உண்டு. எட்டுப் பக்கம் தாங்கும். ஒரு முழு நாவலுக்கு இப்படி எழுதினால், செயப்பாட்டு வினையும் கைகால்களும் மட்டும் நடமாடும் நடையாகிவிடும். ஒரு பக்கத்தில் 'தி ஹேண்ட்', 'தி ஃபேஸ்' என்று இரண்டுக்கு மேல் வந்தால் எதையோ ஒளிக்கிறோம் என்று வாசகர் மோப்பம் பிடித்துவிடுவார்.

மற்ற இரண்டு வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 'டியா'வையே ஆங்கிலத்தில் அப்படியே வைப்பது ஒன்று. மலேசிய, சிங்கப்பூர் வாசகர்களுக்கு மட்டும் அச்சிடும் இதழில், ஒரு பக்கக் கவிதையில் இது அழகாகவே இருக்கும். வெளியூர் வாசகருக்கு அது ஒரு பெயர்போலத் தெரியும். மூன்று பேருக்கும் ஒரே பெயரா என்று திகைப்பார். இன்னொன்று, அங்ஙாவைக் கதை சொல்ல வைத்து 'ஐ' ஆக்கிவிடுவது. பால் பிரச்சினை ஒரே அடியில் தீரும். கதையும் வேறொருவருடைய கதையாகிவிடும். நான் அதை மொழிபெயர்ப்பு என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

மூன்றாவது வழியை எடுத்துக்கொண்ட பிறகு ஒரு புதிய ஓட்டை தெரிந்தது. அலோங்குக்கும் ஊசுவுக்கும் 'ஹீ' தாராளமாக வந்து, அங்ஙாவுக்கு மட்டும் ஒன்றுமே வராமல் இருந்தால், கூர்மையான வாசகர் 3ஆம் பக்கத்திலேயே கேட்பார்: இவருக்கு மட்டும் ஏன் இல்லை? இல்லாமையே அடையாளமாகிவிடுகிறது. எல்லோருக்கும் தவிர்த்தால் நடை மூச்சுமுட்டும். நாங்கள் பிடித்துக்கொண்ட அளவுகோல், மலாய் வாசகருக்கு எப்போது தெரிகிறதோ அப்போதே ஆங்கில வாசகருக்கும் தெரிய வேண்டும் என்பது. அதன்படி அலோங்குக்கு இமாமாக நின்ற பத்தியிலிருந்து 'ஹீ'. அங்ஙாவுக்கும் ஊசுவுக்கும் 9ஆம் பக்கம் வரை இருவருக்குமே இல்லை. ஊசு ஆண்தான், ஆனாலும் இல்லை. மறைக்க வேண்டிய ஒருவருக்குத் துணையாக, மறைக்க வேண்டாத ஒருவரையும் அதே நிழலில் நிறுத்தினோம். மூவரில் இருவர் அப்படி இருந்தால் கண் யார்மேலும் தனியாகப் போய் நிற்காது.

9ஆம் பக்கத்தில் இன்னொன்றும் காத்திருந்தது. மலாய் வாசகருக்கு 'டுவா' என்ற எண்ணே போதும். ஃபராயிட் தெரியாத ஆங்கில வாசகருக்கு நான்கு, இரண்டு, நான்கு என்பது வெறும் கணக்கு. அடிக்குறிப்பு போட்டால் அந்த இடத்தில் கதை நின்று பாடம் தொடங்கிவிடும். இங்கேதான் எங்களுக்கு ஆங்கிலம் கைகொடுத்தது. எட்டுப் பக்கம் பிடித்து வைத்திருந்த 'ஷீ'யை அந்த எண்ணுக்கு அடுத்த வாக்கியத்தில் முதல்முறையாக விட்டோம். அதிகாரி மூன்று எண்ணையும் வாசித்து முடிக்கிறார், பேனா அங்ஙாவிடம் வருகிறது, "ஷீ சைன்ட்." இரண்டே சொல். மூலத்திலும் அந்த இடத்தில் 'டியா தண்டாதாங்ஙான்' என்று ஒரு குட்டி வாக்கியம்தான். மலாயில் எண் செய்த வேலையை ஆங்கிலத்தில் மாற்றுப்பெயர்ச்சொல் செய்கிறது. ஃபராயிட் என்ற சொல்லை மூலத்தில் இருந்தபடியே முந்தைய பத்தியில் விட்டிருக்கிறோம். 'ஷீ'யும் 'இரண்டும்' அடுத்தடுத்து விழும்போது வாசகர் தாமாகவே முடிச்சை அவிழ்த்துக்கொள்கிறார். இந்த வரிசை முக்கியம். 'ஷீ' எண்ணுக்கு முன்னால் வந்தால் எண் விளக்கமாகிவிடும். பின்னால் வந்தால்தான் அடி விழும்.

அதற்குப் பிறகு வரும் ஐந்து பக்கங்களில் ஊசுவுக்கு 'ஹீ', அங்ஙாவுக்கு 'ஷீ'. இனிச் சுகம் என்று நினைத்தால் அங்கேயும் ஒரு சங்கடம். அலோங்கும் ஊசுவும் தோட்டத்து வேலியருகே கைகலக்கும் காட்சி வருகிறது. இருவரும் 'ஹீ'. "டியா தாரிக் தாங்ஙான் டியா" என்று மூலத்தில் ஒரு வரி. ஒருவர் கையை ஒருவர் இழுக்கிறார். தன் கையை என்றால் மலாய் 'செண்டிரி' சேர்த்துத் தெளிவாக்கியிருக்கும். ஆங்கிலத்தில் 'ஹீ', 'ஹிஸ்' என்றால், தன் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டதாகவே வாசகர் எடுத்துக்கொள்வார், பொருள் தலைகீழாகிவிடும். இங்கே பெயர்தான் போட வேண்டும். பால் தெரிந்துவிட்டால் பாத்திரக் குழப்பம் தீர்ந்துவிடும் என்று நம்புகிறவர்களுக்கு இந்த வரியைக் காட்டுவேன். பால் வேறாக இருக்கும் இருவர் காட்சியில் மட்டும்தான் 'ஹீ', 'ஷீ' உதவுகிறது. மற்ற இடத்திலெல்லாம் தெளிவைத் தருவது, ஒரு காட்சியில் மாற்றுப்பெயர்ச்சொல் யாருக்கு உரியது என்று முதலில் முடிவு செய்து அவருக்கே அதை வைத்துக்கொண்டு, மற்றவரைப் பெயரால் சொல்லும் ஒழுங்குதான். வேலிக் காட்சியில் 'ஹீ' ஊசுவுக்கு, அலோங் எப்போதும் அலோங்.

தெளிவாக இருக்கிறதா என்று மொழிபெயர்த்தவரே சோதிக்க முடியாது. அவருக்குத்தான் எல்லாம் தெரியுமே. மூலத்தை வாசிக்காத ஒருவருக்கு உரக்க வாசித்துக் காட்டி, பத்தி முடிந்ததும் நிறுத்தி, "இப்போது யார் என்ன செய்தார்கள்?" என்று கேட்க வேண்டும். இரண்டு நொடி யோசித்தாலே அந்தப் பத்தியில் கோளாறு இருக்கிறது. ஆணா பெண்ணா என்று மட்டும் நாமாகக் கேட்கக்கூடாது. கேட்டால் அதன் பிறகு அதையே தேடத் தொடங்கிவிடுவார். 9ஆம் பக்கத்துக்கு முன் அவராகவே "அங்ஙா அண்ணனா அக்காவா?" என்று கேட்டால், எங்கோ தவிர்ப்பு துருத்திக்கொண்டிருக்கிறது. எங்களுக்கு அப்படித் துருத்திய இடம் மருந்தடிக்கும் காட்சி. மூன்று செயப்பாட்டு வினை வரிசையாக நின்றன. ஒன்றை எடுத்துவிட்டு அங்ஙாவின் பெயரை ஒருமுறை கூடுதலாகப் போட்டதும் சரியானது.

எழுத்தாளர் உயிரோடு இருந்தால் அவரிடம் கேட்கலாம், ஆனால் கேள்வி முக்கியம். "அங்ஙா ஆணா பெண்ணா?" என்று கேட்டால் 'பெண்' என்று பதில் வரும், அதை வைத்துக்கொண்டு முதல் வழிக்கே போய்விடுவோம். "வாசகருக்கு எந்த இடத்தில் தெரிய வேண்டும்?" என்று கேட்டோம். குரல் செய்தியில் அவர் சொன்னது, அதிகாரி வாசிக்கும் வரை தெரியக்கூடாது, ஊசுவைப் பற்றித் தனக்குக் கவலையில்லை என்பதுதான். எங்கள் ஏற்பாட்டுக்கு அதற்குமேல் அனுமதி தேவைப்படவில்லை.

கைப்பிரதியை அனுப்பும்போது பிரதித் திருத்துநருக்கு ஒரு குறிப்பு வைக்காமல் அனுப்பக்கூடாது. நல்ல திருத்துநர் பெயர் அடிக்கடி வருவதைக் கண்டால் 'ஷீ' என்று மாற்றிவிடுவார். அது அவர் வேலை. எங்கள் குறிப்பு மூன்று வரி. அங்ஙா, ஊசு இருவருக்கும் 9ஆம் பக்கத்தில் கையெழுத்துப் போடும் வாக்கியத்துக்கு முன் எந்த மாற்றுப்பெயர்ச்சொல்லும் கூடாது. முதல் 'ஷீ' அந்த வாக்கியத்தில்தான். பின்னட்டைக் குறிப்பிலும் ஆசிரியர் அறிமுகத்திலும் 'மகள்', 'சகோதரி' என்ற சொற்கள் வரக்கூடாது. மூன்றாவது வரியை நண்பர்தான் சேர்க்கச் சொன்னார்: "அக்கா, உள்ளே எட்டுப் பக்கம் காப்பாத்திட்டு அட்டையில சொல்லிடப் போறாங்க." முதல் அட்டை வரைவு வந்தபோது அதில் 'எ டாட்டர்' என்று இருந்தது. குறிப்பைக் காட்டி எடுக்கச் சொன்னோம், எடுத்துவிட்டார்கள்.